10-க்கும் 4-க்கும் நடுவே 7: சமரசம் தவறிய கூட்டங்கள் பற்றிய அனுபவப் பகிர்வு

சோதனைமேசை எழுதியது:

வலியுறுத்தல், கூடித் தீர்த்தல், சமரசம், தவிர்த்தல், விட்டுக்கொடுத்தல் என முரண்பாட்டைக் கையாளும் ஐந்து முறைகளும் இங்குள்ளவர்களுக்குத் தெரிந்தவைதாம் என்பதால், நேராக விஷயத்துக்கு வருகிறேன். மென்பொருள் வெளியீட்டுக்கு முன் சோதனைக் குழு 10 நாள் கேட்டது. வாடிக்கையாளருடன் பேசும் குழுவோ 4 நாளுக்கு மேல் முடியாது என்றது. முக்கால் மணி நேரம் இரு தரப்பும் தத்தம் எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. கூட்டத்தை நடத்திய நான், "7 நாள் என்று வைத்துக்கொள்வோமே" என்றேன். யாரும் மறுக்கவில்லை. சோதனைக் குழுத் தலைவர் எழுந்து சென்று வெள்ளைப் பலகையில் 7 என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடு இழுத்து, பேனாவை மூடி வைத்துவிட்டு, தம் குறிப்பேட்டைக்கூட எடுக்காமல் வெளியேறினார். அந்தக் கோடுதான் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

பிறகுதான் காரணங்கள் தெரியவந்தன. அதிகச் சுமையில் அமைப்பு தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனையை ஒன்றுவிட்ட இரவுகளில்தான் ஓட்ட முடியும், ஏனெனில் மற்ற இரவுகளில் அந்தச் சேவையகத்தை வேறொரு குழு பயன்படுத்துகிறது. தேவையானவை 5 இரவுகள்; 7 நாளில் கிடைத்தவை 3. மறுபக்கம், 4-ஆம் நாளில் வாடிக்கையாளர் பார்க்க விரும்பியது முழு அமைப்பையன்று, அறிக்கைத் திரைகளை மட்டுமே. அவற்றை முதலில் சோதித்து 4-ஆம் நாளில் காட்டிவிட்டு, எஞ்சியதை 10-ஆம் நாளில் வெளியிட்டிருந்தால் ஒருவருக்கும் ஒரு நாளும் குறைந்திருக்காது. எனது 7 இருவருக்கும் பயன்படவில்லை. காட்டவேண்டிய நாள் தவறியது, சோதனையும் அரைகுறையாக நின்றது. "ஏன் 10?", "ஏன் 4?" என்ற இரண்டு கேள்விகளையும் நான் கேட்கவே இல்லை.

இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியர். என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. மருந்துச்சீட்டில் 5.0 என்று எழுதியிருந்ததை உடன் பணிபுரிந்தவர் 50 என்று படித்து மருந்தை எடுத்துவிட்டார். புள்ளி மங்கலாக இருந்தது. அளவு பொருந்தவில்லை என்று நான் சொன்னபோது, எழுதிய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவரோ அவசரத்தில், "எழுதியபடியே கொடுங்கள்" என்றார். நான், "எண்ணை உங்கள் வாயால் சொல்லுங்கள், அதுவரை நான் கொடுக்கமாட்டேன்" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு "ஐந்து" என்ற குரல் வந்தது.

அந்த இடத்தில் அவருடைய நோக்கம் என்ன, என் நோக்கம் என்ன என்று கலந்துபேச நேரமில்லை. 5-க்கும் 50-க்கும் நடுவே ஒரு அளவைத் தேட முடியாது. வலியுறுத்துவதைத் தவிர வேறு வழியே இல்லை. ஆனால் அதன்பின் அவர் மூன்று வாரம் என்னிடம் பேசவில்லை.

அமைதிவிரும்பி எழுதியது:

சோதனைமேசை செய்தது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. கூடித் தீர்ப்பதுதான் ஐந்திலும் சிறந்தது, மற்றவையெல்லாம் அதற்கு வழியில்லாதவர்கள் கைக்கொள்பவை. என் நிலையையும் சொல்கிறேன். இந்த ஐந்தில் எதை அதிகம் கைக்கொள்கிறோம் என்று காட்டும், 30 இணைக் கூற்றுகள் கொண்ட வினாத்தாளை அலுவலகத்தில் நிரப்பினோம். தவிர்த்தலில் எனக்கு 12-க்கு 11 வந்தது. மேலாளர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை. ஆக, நான் பிறவியிலேயே தவிர்ப்பவன். இதை மாற்ற முடியாது என்று ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

பழையநடுவர் எழுதியது:

அமைதிவிரும்பி அவர்களே, அந்த எண்ணை அவ்வளவு பாரமாகச் சுமக்கவேண்டாம். தாமஸும் கில்மனும் 1974-இல் வெளியிட்ட அந்த வினாத்தாளில் ஒவ்வொரு இணையிலும் ஒன்றை விட்டு மற்றொன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ஐந்து மதிப்பெண்களையும் கூட்டினால் யாருக்கும் 30-தான் வரும். ஒன்றில் 11 ஏறினால் மற்ற நான்கும் மீதமுள்ள 19-ஐத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே, எதை அடிக்கடி கைக்கொள்வதாக நீங்கள் சொல்கிறீர்கள் என்பதைத்தான் அது காட்டுகிறது. எது உங்களால் முடியாது என்பதை அன்று.

கூடித் தீர்ப்பதே எப்போதும் சிறந்தது என்பதையும் நான் ஏற்கவில்லை. அதற்கு நேரம் வேண்டும், உண்மைக் காரணத்தை எதிரில் இருப்பவரிடம் சொல்லும் துணிவும் வேண்டும். இரவுப்பணிக்கு முதலாவது இல்லை. ஆனால் சோதனைமேசைக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. நிர்வாகவியல் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் 1925-இல் ஆற்றிய உரையில் ஒரு நூலக அறையைப் பற்றிச் சொல்வார். ஒருவர் சன்னலைத் திறக்க விரும்பினார், ஃபாலெட் அதை மூடிவைக்க விரும்பினார். கடைசியில் ஆளில்லாத அடுத்த அறையின் சன்னலைத் திறந்தார்கள். மற்றவருக்கு வேண்டியது காற்று. ஃபாலெட் அஞ்சியது தம்மேல் நேராக வீசும் வடகாற்றை. சன்னலைப் பாதி திறந்திருந்தால் அதுதான் உங்கள் 7.

எண்ணைப் பாதியாக வெட்டுவது எப்போதும் தவறா என்றால், இல்லை. செலவுத்தொகையைப் பங்கிடுவதுபோல, பங்கிட்டாலும் பயன் கெடாத பொருளில் சமரசம் விரைவானது, நியாயமானதும்கூட. 3 இரவுச் சோதனையால் 5 இரவுச் சோதனையில் 3 பங்கு பயன் கிடைக்குமா என்று கேட்டுப்பாருங்கள். கிடைக்காது என்றால் வெட்டக்கூடாது.

தவிர்த்தலில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். மாலையில் வந்த ஒரு கோபமான கடிதத்துக்கு அன்றே பதில் எழுதினால் சூடு கூடும் என்று ஒத்திவைத்தேன். ஒத்திவைத்தது சரிதான். ஆனால் "வியாழக்கிழமை பேசுவோம்" என்று ஒரு வரிகூட எழுதாததால், அவர் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டார்.

மூத்தமகள் எழுதியது:

என் தங்கையும் நானும் தாயாரைக் கவனித்துக்கொள்வதில் முரண்படுகிறோம். ஒவ்வொரு முறையும் நானே விட்டுக்கொடுத்துவிட்டேன். கடைசி முறை தொலைபேசியை வைத்தபின், அவள் "நன்றி" என்று சொல்லவில்லை என்பதை எண்ணிக்கொண்டே நின்றேன். இரவுப்பணி அவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். அந்த மருத்துவரிடம் நீங்களாகவே சென்று பேசிவிடுங்கள். தனிமையில், அவர் ஓய்வாக இருக்கும்போது பேசுங்கள். தவறு யாருடையது என்று தொடங்காதீர்கள்; புள்ளியைப் பற்றித் தொடங்குங்கள். முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் சுழியமும் போடாமல் எழுதினால் இந்தக் குழப்பமே வராது என்று இருவருமாகச் சேர்ந்து மருத்துவமனைக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். அவர் மறுத்தால் விட்டுவிடுங்கள், உறவு பெரிது.

இரவுப்பணி எழுதியது:

மூத்தமகள் அவர்களே, நான் அறிவுரை கேட்கவில்லை. ஆனாலும் புள்ளியைப் பற்றிச் சொன்னது சரிதான், அப்படி எழுதக்கூடாது என்ற விதி எங்களிடம் ஏற்கெனவே உண்டு. அவர் மறுத்தால் விட்டுவிட வேண்டும் என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். உறவுக்காக நான் விட்டுக்கொடுப்பது என்னுடையதாக இருக்கவேண்டும், நோயாளியுடையதாக இருக்கக்கூடாது. உங்கள் தங்கையிடம் உங்களுக்கு உண்மையில் வேண்டியது அந்த "நன்றி"தானா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

சோதனைமேசை எழுதியது:

பழையநடுவர் சொன்ன சன்னல் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. சேவையகத்தைப் பயன்படுத்திவந்த அந்த வேறொரு குழு என்னுடையது. 10 நாள் வேண்டும் என்றால் அதன் காரணம் நான்தான் என்று என் முகத்துக்கு நேராகச் சோதனைக் குழுத் தலைவர் சொல்லவேண்டியிருந்திருக்கும். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று, மாதக் கடைசி வரை எங்கள் இரவுகளையும் எடுத்துக்கொள்ளுமாறு அவருக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.