மச்சானிடம் வாங்கிய 2 லட்சம்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

முருகேசன்: எல்லோருக்கும் வணக்கம். ஒரு கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆழ்துளைக் கிணறு போட ஓசூர் மச்சானிடம் 2,00,000 ரூபாய் வாங்கினேன் அல்லவா? வட்டி வேண்டாம், மாதாமாதம் சமமாகக் கொடுங்கள், இரண்டு ஆண்டில் முடித்தால் போதும் என்கிறார். மாதம் எவ்வளவு வரும்? கார்த்திக்கின் கைப்பேசியில் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் வரவில்லை.

கார்த்திக்: மாமா, அந்தத் தவணைக் கணக்குச் செயலியில் வட்டி 0 என்று கொடுத்தால் பிழை என்று காட்டுகிறது. 1 சதவீதம் கொடுத்ததும் சரியாக வேலை செய்தது. மாதம் 8,420 ரூபாய். அதையே வைத்துக்கொள்ளலாம்.

செல்வி: கார்த்திக், 8,420 ரூபாயை 24-ஆல் பெருக்கிப் பார்.

கார்த்திக்: 2,02,080.

செல்வி: அந்த 2,080 ரூபாய் மச்சான் கேட்காத வட்டி. அந்தச் செயலியில் இருப்பது வங்கியின் சூத்திரம். வட்டி இல்லையென்றால் அதில் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும். அதனால்தான் திணறுகிறது. இதற்குச் சூத்திரமே வேண்டாம். மீதிக் கடனை மீதி மாதங்களால் வகுத்தால் முடிந்தது. 2,00,000-ஐ 24-ஆல் வகுத்தால் 8,333 ரூபாய் 33 காசு.

முருகேசன்: அக்கா, நான் ஏற்கெனவே 15,000 கொடுத்திருக்கிறேன். சித்திரையில்.

செல்வி: அப்படியானால் மீதி 1,85,000. 24 மாதத்துக்கு 7,708 ரூபாய் 33 காசு. காசை விட்டுவிட்டு 7,700 என்று வைத்துக்கொள்வீர்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் 24 மாதம் 7,700 கட்டினால் 1,84,800தான் வரும். கடைசியில் 200 ரூபாய் குறையும். தவணை கட்டியவன் முடிந்தது என்பான், கடன் கொடுத்தவர் நோட்டில் 200 நிற்கும். அதனால் 23 மாதம் 7,700, கடைசி மாதம் 7,900 என்று முதல் நாளே எழுதிவிட வேண்டும்.

லட்சுமி சின்னம்மா: முருகேசா, எனக்கும் இதே பிரச்சினைதான். பக்கத்து வீட்டு அக்கா அடகு வைக்க 5 பவுன் சங்கிலி கொடுத்தாள். மீட்க முடியவில்லை. நானும் மாதாமாதம் சமமாகக் கொடுத்துவிடலாமா? அன்றைய விலையிலா, இன்றைய விலையிலா?

செல்வி: சின்னம்மா, உங்களுடையது வேறு. தம்பி வாங்கியது பணம். நீங்கள் வாங்கியது நகை. பணமாக எடுத்துக்கொள்ள அவள் சம்மதித்தாளா?

லட்சுமி சின்னம்மா: பேச்சு வரவே இல்லை.

செல்வி: அப்படியானால் தவணை போடுவதற்கு முன் அதைப் பேசியாக வேண்டும். இவன் கணக்கு முடியட்டும், வருகிறேன். தம்பி, அந்த 15,000-ஐ எப்படிக் கொடுத்தாய்?

முருகேசன்: மச்சான் மகளுக்குக் காது குத்தினார்களே, அன்று. உறையில் போட்டு மச்சான் கையில் கொடுத்தேன்.

செல்வி: மொய் நோட்டில் உன் பெயர் இருக்கிறதா?

முருகேசன்: தெரியவில்லை அக்கா. என் மனைவி போய் எழுதினாளாம். தொகை என்ன எழுதினார்கள் என்று அவளுக்கு நினைவில்லை. நான் கடனுக்காகத்தான் கொடுத்தேன்.

கார்த்திக்: மாமா, கொடுக்கும்போது கடன் என்று சொன்னீர்களா?

முருகேசன்: விசேஷ வீட்டில் எப்படிச் சொல்வது?

செல்வி: அங்கேதான் சிக்கல். நோட்டில் 15,000 என்று எழுதியிருந்தால் மச்சான் வீட்டில் அது மொய். நாளை நம் வீட்டு விசேஷத்தில் அவர்கள் அதைத் திருப்பிச் செய்வார்கள், கடன் 2,00,000 அப்படியே நிற்கும். சரி, அதை ஒதுக்கி வை. உன் கையில் மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது?

முருகேசன்: இரண்டு மாட்டுப் பால் பணம்தான் நிலையானது. தீவனம் போக 9,000 வரும். வெயில் காலத்தில் 6,500-க்கு இறங்கிவிடும். தக்காளியை நம்ப முடியாது. பாலக்கோடு மார்க்கெட்டில் பெட்டி என்ன விலை போகும் என்று இறக்கும்வரை தெரியாது.

செல்வி: அப்படியானால் 7,700 உனக்கு ஆகாது. ஒன்பது மாதம் கட்டுவாய், பங்குனி, சித்திரை, வைகாசியில் தவறுவாய். எனவே தலைகீழாகப் போடு. மோசமான மாதத்திலும் எது முடியுமோ அதைத் தவணையாக வை, மாதங்கள் தாமாக வரும். 6,000 என்று வைத்துக்கொள். 1,85,000 என்றால் 30 மாதம் 6,000, 31-ஆம் மாதம் 5,000. இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. 15,000 மொய்தான் என்று முடிவானாலும் உன் தவணை மாறாது. 33 மாதம் 6,000, 34-ஆம் மாதம் 2,000 என்று வால் மட்டும் நீளும். அந்த வழக்குத் தீரும்வரை காத்திருக்காமல் வரும் 5-ஆம் தேதியே தொடங்கலாம்.

கார்த்திக்: அம்மா, மச்சான் இரண்டு ஆண்டு என்றாரே?

செல்வி: ஆமாம், அதை அவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒப்பவில்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது. 24 மாதம் 6,000 என்றால் 1,44,000. 1,85,000-இல் மீதி 41,000. மாங்காய்ப் பணம் வரும் இரண்டு பருவத்தில் ஒவ்வொரு முறையும் 20,500 கொடுத்தால் சரியாக முடியும்.

முருகேசன்: மாங்காயைச் சொல்லாதீர்கள் அக்கா. போன முறை பெங்களூரா வகைக்குப் பறிகூலிகூடத் தேறவில்லை.

செல்வி: அதனால்தான் வாக்குக் கொடுக்காதே என்கிறேன். வந்தால் கொடு. அப்படிக் கூடுதலாகக் கொடுக்கும் நாளில் தவணையைக் குறைப்பதா, மாதத்தைக் குறைப்பதா என்று அப்போதே பேசிவிடு. வட்டி இல்லாததால் இரண்டிலும் மொத்தம் ஒன்றுதான். பணம் மச்சானுக்கு எப்போது தேவை என்பதுதான் வித்தியாசம்.

கார்த்திக்: ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதம் 12,000 கொடுக்க வேண்டுமா?

செல்வி: 6,000-க்கே திணறுகிறவன் 12,000 எப்படிக் கொடுப்பான்? தவறியதைக் கடைசியில் ஒரு மாதமாகச் சேர்க்கலாம். கெடு மாறக் கூடாது என்று மச்சான் சொன்னால், மீதியை மீதி மாதங்களால் வகுத்துப் புதுத் தவணை போட வேண்டும். ஆனால் 5-ஆம் தேதிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், அவர் கேட்ட பிறகு அல்ல.

இன்னொன்று. வங்கி வழியாகவே அனுப்பு. கடன் நிலுவை 20,000 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது ரொக்கமாகத் திருப்பக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. தவணை சிறியதாக இருந்தாலும் நிலுவையைத்தான் பார்ப்பார்கள். அனுப்பும்போது குறிப்பில் 'கடன் தவணை 1' என்று போடு, அடுத்த மாதம் 2. உறை மறுபடியும் வேண்டாம்.

முருகேசன்: புரோநோட்டு எழுத வேண்டுமா? சொந்தத்தில் எழுதினால் தப்பாக நினைப்பாரோ?

செல்வி: அவருக்காக நீயே எழுதிக் கொடுத்தால் ஏன் தப்பாக நினைக்கப் போகிறார்? புரோநோட்டை வைத்து வழக்குப் போட மூன்று ஆண்டுதான் காலம். 34 மாதம் என்றால் விளிம்பில் வந்து நிற்கும். இடையில் மீதி இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்த நாளிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். ஆண்டுக்கு ஒரு முறை செய்.

முருகேசன்: மச்சானிடம் இப்போதுதான் பேசினேன். 6,000 போதுமாம், 31 மாதமானாலும் பரவாயில்லையாம். 15,000 பற்றிக் கேட்டேன். சிறிது நேரம் பேசவே இல்லை. "என் அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

செல்வி: கேட்கட்டும். நீ 5-ஆம் தேதி அனுப்பு. நோட்டில் இரண்டு மீதியையும் எழுதி வை. 1,79,000 ஒன்று, 1,94,000 ஒன்று. பதில் வந்ததும் ஒன்றை அடித்துவிடலாம்.

லட்சுமி சின்னம்மா: செல்வி, என் சங்கிலி?

செல்வி: சின்னம்மா, அடகுச் சீட்டு உங்களிடம் இருக்கிறதா? எடுத்து வையுங்கள், ஞாயிறு வருகிறேன்.