சுஜினுக்கு ஒரு வாழ்த்து: யொங்தொங் தமிழ்க் குடும்பங்கள் குழு

கயல்விழி, இரவு 8:12
அனைவருக்கும் வணக்கம். என் தோழி சுஜின் இன்று சாலை ஓட்டத் தேர்விலும் தேறி, ஓட்டுநர் உரிமம் பெற்றுவிட்டாள். அவளுக்குக் கொரிய மொழியில் இரண்டு வரியில், கொஞ்சம் கேலியாக, இன்றிரவே வாழ்த்து அனுப்ப வேண்டும். பாடப்புத்தகத்தைப் பார்த்து "உன்ஜொன் மியொன்ஹொ சிஹொம் ஹப்க்யொகுல் சுக்காதுரிம்னிதா" என்று எழுதி வைத்திருக்கிறேன். இதை அனுப்பலாமா?

லலிதா மாமி, 8:14
வாழ்த்துகள் கயல்! நீ கார் ஓட்டக் கற்றதை எங்களிடம் சொல்லவே இல்லையே. அன்சானுக்கு உளுந்து வாங்கப் போக இனி நான் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

முருகேசன், 8:15
மாமி, சென்ற முறை உங்களை அன்சானுக்கு அழைத்துச் சென்றவன் நான்தான். யாரும் கெஞ்சியதாக எனக்கு நினைவில்லை.

கயல்விழி, 8:15
மாமி, தேறியது நான் இல்லை. என் தோழி சுஜின்.

பிரவீன், 8:17
அக்கா, வாக்கியத்தில் பிழை இல்லை. ஆனால் அது அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதைப் போல இருக்கிறது. தொடர்களில் தோழிகள் "சுக்காஹே" என்றுதான் சொல்கிறார்கள். "சுஜின்யா, சுக்காஹே" என்று அனுப்பிவிடுங்கள்.

சிவராமன் அண்ணா, 8:24
பிரவீன் சொல்வதில் பாதி சரி. "சுக்காஹே" என்பது நெருக்கமானவர்களிடம் மட்டும் பேசும் நடை என்பதால், முதலில் தெரிய வேண்டியது சுஜினின் வயது. கயல், அவள் உன்னைவிட ஓராண்டு மூத்தவளாக இருந்தாலும் பெயருக்குப் பதிலாக, அக்கா என்ற பொருளில் "ஒன்னி" என்றுதான் அழைக்க வேண்டும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் விளையாட்டாக எழுதியதும் துடுக்காகத் தோன்றும். இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்களானால் தயக்கமே வேண்டாம். அடுத்தது, பெயரோடு சேரும் விளி. மின்ஜி போல உயிரொலியில் முடியும் பெயருக்குத்தான் "யா" வரும். சுஜின் மெய்யில் முடிவதால் "ஆ" சேர்ந்து "சுஜினா" என்று ஒலிக்கும். "சுஜின்யா" என்று எந்தக் கொரியரும் கூப்பிட மாட்டார்.

கயல்விழி, 8:26
இருவரும் 1992இல் பிறந்தவர்கள், அண்ணா. பழகிய சில நாட்களிலேயே அவளே பிறந்த ஆண்டைக் கேட்டு, இனி மரியாதை நடை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பிரவீன், 8:27
2023 ஜூன் மாதத்தில் வயதுக் கணக்கையே சட்டத்தில் மாற்றிவிட்டார்கள் அல்லவா? இன்னும் எதற்குப் பிறந்த ஆண்டைப் பார்க்கிறார்கள்?

சிவராமன் அண்ணா, 8:29
அந்தச் சட்டம் அலுவலகப் படிவங்களுக்கு உதவுகிறது. யார் யாரை எப்படி அழைப்பது என்பதைப் பெரும்பாலும் பிறந்த ஆண்டுதான் இன்றும் முடிவு செய்கிறது. கயலுக்கு எந்தச் சிக்கலும் இல்லை.

முருகேசன், 8:33
சுஜின் எந்த வகை உரிமம் எடுத்தாள்? நான் இங்கே முதல் முறை விழுந்தது வளாகத்துக்குள் நடக்கும் திறன் தேர்வில்தான். நூறு மதிப்பெண்ணில் தொடங்கிக் கழித்துக்கொண்டே வருவார்கள். எண்பதுக்குக் கீழே போனால் தோல்வி. திடீரென்று அபாய ஒலி கேட்டதும் இரண்டு நொடிக்குள் நிறுத்திவிட்டேன். ஆனால் அடுத்து அபாய விளக்கைப் போட மறந்ததால் பத்து மதிப்பெண் போயிற்று. பதற்றத்தில் கோட்டை மிதித்துப் பதினைந்தும் போயிற்று. எழுபத்தைந்தோடு வண்டியை விட்டு இறங்கினேன்.

லலிதா மாமி, 8:34
அதனால்தான் அன்சான் சாலையில் காரணமே இல்லாமல் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தாயா?

கயல்விழி, 8:36
இரண்டாம் வகை, தானியங்கிக் கியர். நாற்பது கேள்வி எழுத்துத் தேர்விலும் திறன் தேர்விலும் எளிதாகத் தேறினாள்; சாலை ஓட்டத்துக்குத்தான் பயந்தாள். நான்கு தடங்களில் எது விழும் என்பது அங்கே போனபின்தான் தெரியும் என்பதால் நான்கையும் மனப்பாடம் செய்து என்னிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

பிரவீன், 8:38
அப்படியானால் கேலிக்கு "கிம் யொசா" என்று சேருங்கள், அக்கா. கார் ஓட்டும் பெண்களை இணையத்தில் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

சிவராமன் அண்ணா, 8:41
அது வேண்டவே வேண்டாம். பெண்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று இளக்காரம் செய்யும் சொல் அது. எவ்வளவு நெருங்கிய தோழியானாலும் முகம் சுளிப்பாள். கேலிக்கு நல்ல சொல் "கிசானிம்". பேருந்து, டாக்சி ஓட்டுநர்களை மரியாதையாக அழைக்கும் சொல்லை, இன்றுதான் உரிமம் வாங்கியவளுக்குச் சூட்டினால் அதிலேயே சிரிப்பு வந்துவிடும். இன்னொன்று "ஜாங்நொங் மியொன்ஹொ". உரிமத்தை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு வண்டியைத் தொடாதவர்களைப் பற்றிச் சொல்வது அது. இரண்டையும் சேர்த்தால் வாழ்த்து நீண்டுவிடும், ஒன்று போதும்.

முருகேசன், 8:42
இந்தக் குழுவில் ஜாங்நொங் மியொன்ஹொ யாரிடம் இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை.

சிவராமன் அண்ணா, 8:43
என் மனைவியும் இந்தக் குழுவில் இருக்கிறாள் என்பதை நினைவில் வையுங்கள், முருகேசன்.

சிவராமன் அண்ணா, 8:49
கயல், அனைவரும் வாசிக்கத் தமிழ் எழுத்தில் இங்கே தருகிறேன். கொரிய எழுத்தில் உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.
"சுஜினா~ மியொன்ஹொ தான் கொ சுக்காஹே!! இஜே சுஜின் கிசானிமினே க்க்க்க் நா ஒன்ஜே தேவொ ஜுல் கொயா?"
உரிமம் வாங்கியதற்கு வாழ்த்து, இனி நீ ஓட்டுநர் ஐயா ஆகிவிட்டாய், என்னை எப்போது ஏற்றிச் செல்வாய் என்பதுதான் இதன் கருத்து. புத்தக வாக்கியத்தில் இருந்த "தேர்வில் தேர்ச்சி" இங்கே தேவையில்லை. உரிமத்தைப் பறித்துவிட்டாய் என்ற பொருளில் "தான் கொ" போதும். சிரிப்புக்கு இடும் "க்" எழுத்தை ஒன்றோடு நிறுத்தினால் ஏளனமாகப் படும். இரண்டு இருந்தால் பட்டும் படாமலும் சிரித்ததாகத் தோன்றும். மூன்றுக்கு மேல் தாராளமாக இடலாம். முடிவில் முற்றுப்புள்ளி வைக்காதே. நம் பள்ளிகளில் அது ஒழுங்கு. இங்கே தோழிக்கு எழுதும் செய்தியில் கோபமாக இருக்கிறாயோ என்று எண்ண வைத்துவிடும்.

பிரவீன், 8:51
"ச்சு", "க" என்ற இரண்டு அசைகளின் முதல் மெய்களை மட்டும் "ச் க் ச் க்" என்று அனுப்புகிறார்களே, அது இன்னும் சுருக்கமாக இருக்காதா?

சிவராமன் அண்ணா, 8:52
குழுவில் பத்துப் பேர் வாழ்த்தும்போது பதினோராவது ஆள் அப்படி அனுப்பலாம். நான்கு தடங்களையும் ஒப்பிக்கக் கேட்டவள் அப்படி அனுப்பினால் கொஞ்சம் கஞ்சத்தனமாக இருக்கும்.

கயல்விழி, 8:55
அனுப்பிவிட்டேன்.

லலிதா மாமி, 8:57
வாழ்த்தோடு ஒரு பரிசும் கொடுக்க வேண்டாமா? கார்களின் பின்கண்ணாடியில் புதிய ஓட்டுநர் என்று ஒட்டிக்கொண்டு போகிறார்களே, அதை வாங்கிக் கொடுக்கலாம்.

முருகேசன், 8:58
"சொபோ உன்ஜொன்" ஒட்டுத்தாள் டாய்சோ கடையில் கிடைக்கும். பொங்கலுக்கு வாங்கிய பாத்திரங்களுக்கு இன்னும் பணம் வந்து சேராததால், இதை வேறு யாராவது வாங்கட்டும்.

கயல்விழி, 9:06
சுஜின் பதில் அனுப்பிவிட்டாள்! "க்" எழுத்தை ஒரு வரி முழுவதும் நிரப்பியிருக்கிறாள். சனிக்கிழமை வருகிறாயா, அப்பாவின் காரில் போகலாம் என்று கேட்கிறாள். நான் கேலியாகத்தான் கேட்டேன். இப்போது உண்மையாகவே போக வேண்டுமா?

லலிதா மாமி, 9:07
அன்சான் வழியாகப் போகச் சொல். எனக்கு உளுந்து இரண்டு கிலோ போதும்.

சிவராமன் அண்ணா, 9:10
அதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள். இங்கே வாகனக் காப்பீட்டில் யார் ஓட்டலாம், எந்த வயதிலிருந்து ஓட்டலாம் என்று வரம்பு போட்டுத்தான் பலர் எடுத்திருப்பார்கள். அப்பாவின் காப்பீட்டு வரம்புக்குள் அவள் வராவிட்டால், முதலில் அவளைச் சேர்க்க வேண்டும் அல்லது ஒரு நாள் காப்பீடாவது எடுக்க வேண்டும்.

கயல்விழி, 9:12
வாழ்த்து அனுப்பிய கையோடு காப்பீட்டைப் பற்றிக் கேட்டால் அவள் என்ன நினைப்பாள், அண்ணா?

சிவராமன் அண்ணா, 9:13
அதையும் கேலியாகவே கேட்கலாம். ஓட்டுநர் ஐயா, காப்பீடு எடுத்தாயிற்றுதானே என்ற பொருளில் "கிசானிம், பொஹொமுன் துரொச்சி?" என்று எழுதி, பின்னால் "க்" நான்கு போடு.

பிரவீன், 9:14
அக்கா, காரில் இன்னும் ஓர் இடம் இருக்குமா?