யாழ்ப்பாணத்தில் பள்ளி முந்தியா, அச்சு முந்தியா?

கயல்:
அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் மிஷன் அச்சகங்கள் வந்ததால்தான் தமிழ்வழிப் பள்ளிகள் பெருகின என்பது என் வாதம். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன்தான் எடுத்துக்காட்டு: வட்டுக்கோட்டை செமினரி, மானிப்பாய் அச்சகம், 1841இல் தொடங்கிய உதயதாரகை பத்திரிகை. இந்த வாதம் நிற்குமா? எங்கே இடிக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

மாறன்:
நிற்காது. மிஷன் வருவதற்கு முன்பே ஊருக்கு ஊர் திண்ணைப் பள்ளி இருந்தது. மணலில் எழுதி, ஓலையில் எழுதி, எண்சுவடி மனப்பாடம் செய்து படித்தவர்கள்தானே நம் ஆட்கள். மிஷன்காரர் அச்சகம் வைத்தது மதம் மாற்ற. அதற்குப் பதிலடியாக ஆறுமுக நாவலர் அச்சகம் வைத்தார், பாலபாடம் போட்டார். தமிழ்வழிக் கல்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது. மிஷனுக்கு ஏன் இந்தப் பெருமை?

நாஞ்சிலான்:
தமிழ் அச்சு யாழ்ப்பாணத்தில் தொடங்கவில்லையே. தரங்கம்பாடியில் 1713லேயே அச்சடித்தார்கள். எங்கள் நாகர்கோவிலில் மீட் ஐயர் அச்சகம் நடத்தினார். அதையெல்லாம் விட்டுவிட்டு மானிப்பாயை முதல் என்று எழுதினால் தப்பு.

ஏட்டுப்பெட்டி:
நாஞ்சிலான், யார் முதல் என்று அவர் கேட்கவில்லை. பள்ளி பெருக அச்சு காரணமா என்றுதான் கேட்கிறார்.

கயல், உங்கள் வாதம் இடிப்பது ஆண்டுக் கணக்கில். மிஷன் யாழ்ப்பாணம் வந்தது 1816. அச்சடிக்கவென்று காரெட் என்பவரை 1820இல் அனுப்பினார்கள், இலங்கை அரசு அவரைத் தங்க விடவில்லை. அச்சுப்பொறி நல்லூரில் இருந்த சர்ச் மிஷன்காரர் கைக்குப் போயிற்று. அமெரிக்கருக்கென்று மானிப்பாயில் அச்சு வேலை நடந்தது 1834இலிருந்துதான். அதற்குள் ஊர்ப் பள்ளிகள் நிறைய நடந்துகொண்டிருந்தன, வட்டுக்கோட்டை செமினரிக்கு 11 வயது, உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளிக்கு 10 வயது. நல்லூரில் அச்சானவை கொஞ்சம் கிடைத்திருக்கும், ஆனால் ஆரம்ப ஆண்டுகளில் துண்டுப் பிரசுரங்களையே ஓலையில் ஆள் வைத்துப் படியெடுத்தார்கள். ஆக, பள்ளி முந்தி, அச்சு பிந்தி. காரணம் பின்னால் வராதே.

இரண்டாவது, வட்டுக்கோட்டையை ஊர்ப் பள்ளியோடு ஒரே கூடையில் போடாதீர்கள். அங்கே தமிழும் படித்தார்கள், சரி. ஆனால் உயர்கல்வி ஆங்கிலத்தில்தான். படித்து வெளியே வந்தவர்கள் சபை வேலைக்குப் போகாமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள் என்பதே மிஷன் தலைமைக்குப் பெரிய குறையாக இருந்தது. அமெரிக்காவிலிருந்து மிஷன் தலைமைச் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் குழு வந்து பார்த்து, தாய்மொழிக் கல்வியே போதும் என்ற கொள்கையின் பேரில் 1855இல் அதை மூடிவிட்டார்கள். தமிழ்வழிக்காக மூடிய பள்ளியைத் தமிழ்வழிக்குச் சான்றாகக் காட்டினால் கேள்வி நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

கயல்:
செமினரியை அப்படிச் சேர்த்தது என் தவறுதான், எடுத்துவிடுகிறேன். ஆனால் 1834க்குப் பிறகு அச்சு ஒன்றுமே மாற்றவில்லையா? மிஷன் அறிக்கைகளில் ஆண்டுக்கு ஆண்டு அச்சான பக்கக் கணக்கு ஏறுகிறதே.

ஏட்டுப்பெட்டி:
அந்தப் பக்கக் கணக்கை நம்பித்தான் பலர் வழுக்குகிறார்கள். அது அச்சடித்த பக்கம், படித்த பக்கம் இல்லை. அதில் பெரும்பங்கு துண்டுப் பிரசுரமும் வேதப் பகுதிகளும். பாடநூலைத் தனியே பிரித்து எண்ணுங்கள். பள்ளிக் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து வாத்தியாருக்குச் சம்பளம் என்றால், அவர் எழுதித் தரும் எண்ணிக்கையை அப்படியே எடுக்க முடியாது. அந்த வாத்தியார்களில் பலர் சைவர்கள், ஊர்க்காரர்கள், முன்பு திண்ணையில் சொல்லிக்கொடுத்தவர்கள். மாறன் சொன்ன திண்ணைப் பள்ளி அழியவில்லை, பாதி அப்படியே மிஷன் பள்ளிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அச்சு மாற்றியது வேறொன்றை. ஓர் ஏட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, குத்தினால் ஓலை கிழியும். காலும் ரகரமும் ஒரே மாதிரி. பாடம் முன்பே காதில் விழுந்திருந்தால்தான் கண்ணால் வாசிக்க முடியும். அதனால் திண்ணையில் பிள்ளை முதலில் கேட்கும், மனப்பாடம் செய்யும், தானே எழுதும். அதன் புத்தகமே அதன் கையெழுத்துதான். அச்சுப் புத்தகத்தில் புள்ளி இருக்கிறது, இடைவெளி இருக்கிறது. இதுவரை கேட்காத ஒரு வசனத்தை ஒரு பிள்ளை தனியே உட்கார்ந்து கூட்டி வாசிக்கலாம். பெருகியது பள்ளியா என்று கேட்பதைவிட, வாசிப்பது என்றால் என்ன என்பதே மாறியதா என்று கேளுங்கள். கட்டுரை அங்கே நிற்கும்.

உடுவில் பேத்தி:
இதைப் படித்ததும் அப்பாச்சியின் தாயார் ஞாபகம் வந்தது. உடுவிலில் படித்தவராம். வேதப் புத்தகத்தை எந்த இடத்தில் திறந்து கொடுத்தாலும் வாசிப்பாராம், ஆனால் எழுதச் சொன்னால் திணறுவாராம். வீட்டில் இதைக் குறையாகச் சொல்வார்கள். இப்போதுதான் எனக்கு விளங்குகிறது, அவர் எழுதிப் பழகி வாசித்தவர் இல்லை, வாசிக்க மட்டும் பழகியவர்.

மாறன்:
அக்கா சொன்னது நல்ல விஷயம். சரி, ஏட்டுப்பெட்டி அண்ணை, நாவலரை ஏன் தொடவே இல்லை? 1849இல் சென்னையில் அச்சுப்பொறி வாங்கி வண்ணார்பண்ணைக்குக் கொண்டுவந்தார். அது மிஷன் கொடுத்ததில்லையே.

ஏட்டுப்பெட்டி:
கொடுத்ததில்லைதான். ஆனால் அவர் படித்ததும் படிப்பித்ததும் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளியில். அங்கிருந்த பாதிரியார் பெர்சிவலோடு உட்கார்ந்து வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர். படிப்படியாகக் கடினமாகும் வாசிப்புப் புத்தகம், வகுப்புக்கு ஒன்று என்ற அமைப்பு அங்கே கண்டது. பாலபாடத்தில் அந்த அமைப்பு இருக்கிறது, உள்ளே இருப்பது சைவம். இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் சைவப் பள்ளி தொடங்கியது 1848. அச்சுப்பொறி அடுத்த ஆண்டு. அங்கேயும் பள்ளிதான் முந்தி. பிள்ளை வந்து உட்கார்ந்த பிறகுதான் கையில் கொடுக்கப் புத்தகம் இல்லையே என்பது உறைக்கிறது. அச்சால் பள்ளி என்பதைவிட, பள்ளியால் அச்சு என்பது யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தும்.

மாறன்:
அமைப்பைக் கடன் வாங்கினார் என்பதை ஏற்கிறேன். ஆனால் மிஷன் பள்ளியில் ஞாயிறு கோயிலுக்கு வந்தே ஆகவேண்டும் என்ற நிலை இருந்தபோது, அந்தப் பயமில்லாமல் பிள்ளையை அனுப்ப ஓர் இடம் கிடைத்ததே, அதை நீங்கள் குறைத்துப் பேசுகிறீர்கள்.

ஏட்டுப்பெட்டி:
எல்லாப் பிள்ளைக்கும் அந்த இடம் கிடைத்ததா, தம்பி? நாவலர் சாதி ஒழுங்கை விட்டுக்கொடுத்தவர் அல்லர். மிஷன் பள்ளியிலும் ஒரே வாங்கில் உட்கார வைப்பது லேசில் நடக்கவில்லை, ஆனால் கதவு திறந்திருந்தது.

மாறன்:
கதவு திறந்திருந்தது என்று மிஷன் அறிக்கை சொல்கிறது. உள்ளே யார் உட்கார்ந்தார்கள் என்பதை அதே அறிக்கையை வைத்து எப்படிச் சொல்வீர்கள்? வாத்தியார் கணக்கை நம்பாதே என்று நீங்கள்தானே இப்போது சொன்னீர்கள்.

ஏட்டுப்பெட்டி:
அது நியாயமான கேள்வி. ஊர்வாரியான பள்ளிப் பதிவுகளைப் பார்த்துத்தான் பேசவேண்டும்.

கயல்:
தலைப்பை மாற்றுகிறேன். 1834க்கு முன், பின் என்று இரண்டாகப் பிரித்து, ஓலையில் படித்த பிள்ளையும் அச்சில் படித்த பிள்ளையும் எப்படி வாசிக்கப் பழகினார்கள் என்று மட்டும் எழுதப் போகிறேன். உடுவில் பேத்தி அக்கா, உங்கள் பூட்டியின் அந்த வேதப் புத்தகம் இன்னும் வீட்டில் இருக்கிறதா? ஓரத்தில் பென்சிலாலோ மையாலோ ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

உடுவில் பேத்தி:
புத்தகம் அத்தை வீட்டில். ஞாயிற்றுக்கிழமை போவேன். முதல் தாளில் அவருடைய பெயர் இருப்பது ஞாபகம், ஆனால் அது வேறு யாரோ எழுதியது போல நல்ல அழகான கையெழுத்து.