பிரெஞ்சுப் பதிலில் ‘நூ’ எழுதுவதா, ‘ழ’ எழுதுவதா?

வணக்கம். ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்குப் பிரெஞ்சில் மின்னஞ்சல் பதில் எழுதும் பணியில் இருக்கிறேன். பார்சல் ஆறு நாள் தாமதமான ஒருவருக்கு, எங்கள் மாதிரிப் பதிலில் உள்ளபடியே ‘நாங்கள் உங்களை வேண்டுகிறோம்’ என்னும் பொருளில் ‘நூ வூ ப்ரியோன்’ என்று தொடங்கும் மன்னிப்பு வாக்கியத்தை அனுப்பியபோது, இதை எழுதியது மனிதர்தானா என்று அவர் திருப்பிக் கேட்டுவிட்டார் (கேட்டதில் தவறும் இல்லை).

அடுத்த மடலில், ‘நீங்கள்’ என்னும் மரியாதைக்குரிய ‘வூ’வை அப்படியே வைத்துக்கொண்டு, ‘நாங்கள்’ என்னும் ‘நூ’வுக்குப் பதிலாக ‘நான்’ என்னும் ‘ழ’வில், பார்சல் எந்தக் கிடங்கில் எந்தக் கிழமையிலிருந்து நிற்கிறது என்பதையே முதல் வரியாக எழுதினேன், அவருடைய தொனி உடனே தணிந்தது.

ஆனால் பணத்தைத் திருப்பித் தருவது போன்ற நிறுவன முடிவுகளையும் ‘ழ’வில் எழுதினால், நானே வாக்குக் கொடுத்ததாக ஆகிவிடாதா? கோபத்தில் இருப்பவருக்கு ‘இனிய நாளாகட்டும்’ என்னும் ‘போன் ழூர்னே’ என்று முடிப்பது குத்தலாகப் படுமா, ‘அன்புடன்’ போன்ற வெறும் ‘கோர்தியால்மான்’ போதுமா? பிரெஞ்சில் நாள்தோறும் எழுதுவோர் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.