நாடகத்தில் எல்லாரும் குண்டாக, ஸ்கோப் படம் துண்டாக: டிவியில் எந்த ஜூம் வைப்பது?

கோத்தகிரி வீடு
அப்பாவுக்காக 43 இன்ச் டிவி வாங்கியிருக்கிறோம். செட்டாப் பாக்ஸ் HDMI வழியாக வருகிறது. அவர் பார்ப்பது பழைய தூர்தர்ஷன் நாடகங்களும் எண்பதுகளின் ஸ்கோப் படங்களும்தான். நாடகம் திரை முழுக்க வருகிறது, ஆனால் எல்லார் முகமும் அகலமாகத் தெரிகிறது. டிவியில் 4:3 வைத்தால் முகம் சரியாகிவிடுகிறது. அதே அமைப்பில் ஸ்கோப் படம் போட்டால் நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் சின்னதாகப் படம். எதை வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது?

குன்னூர் சிம்ஸ் பார்க் பக்கம்
Zoom வையுங்கள், வேலை முடிந்தது. எங்கள் வீட்டில் எல்லாப் படத்துக்கும் அதுதான். கறுப்புப் பட்டையே வராது.

லவ்டேல் டிஷ்காரர்
ஸ்கோப் படத்துக்கு அது சரி சார். நாடகத்துக்கு வைத்தால் மேலும் கீழுமாகப் படத்தில் கால்பங்கு போய்விடும். நிற்பவர்களின் தலை வெட்டுப்படும், கீழே வரும் எழுத்து தெரியாது.

கோத்தகிரிக்காரரே, முதலில் பாக்ஸைப் பாருங்கள். உங்கள் பாக்ஸ் 4:3 படத்தை இழுத்து 16:9 ஆக்கி அனுப்புகிறது. டிவிக்கு அது இழுத்த படம் என்று தெரிய வழியில்லை. அதன் மேல் Zoom வைத்தாலும் குண்டு முகம் குண்டாகத்தான் இருக்கும், பக்கங்கள் வேறு வெட்டுப்படும். பாக்ஸ் மெனுவில் டிவி வகையை 16:9 என்று வைத்து, 4:3 படத்துக்கு Pillarbox என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில பாக்ஸில் Original அல்லது Auto என்று இருக்கும். அப்புறம் டிவியை 4:3-இலிருந்து 16:9-க்குக் கொண்டுவர மறக்காதீர்கள். இரண்டு இடத்திலும் 4:3 இருந்தால் படம் இன்னொரு முறை நெருக்கப்பட்டு, ஆட்கள் ஒல்லியாகிவிடுவார்கள்.

சரியாக அமைந்ததா என்று டேப்பை வைத்தே பார்க்கலாம். 43 இன்ச் திரை ஏறக்குறைய 95 செ.மீ. அகலம், 53.5 செ.மீ. உயரம். நாடகம் 71 செ.மீ. அகலத்தில், இரு பக்கமும் 12 செ.மீ. கறுப்போடு வர வேண்டும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். எடுத்தவர்கள் எடுத்த படம் அவ்வளவுதான், கறுப்பைப் போக்க வேறு எது செய்தாலும் ஒன்று வெட்டு, இல்லை இழுப்பு.

ஸ்கோப் படம் எஸ்டி சேனலில் 4:3 சட்டத்துக்குள் அடைக்கப்பட்டு வருவதால்தான் நாலு பக்கமும் கறுப்பு. அதற்கு மட்டும் டிவியில் Zoom. 71 செ.மீ. அகலம் 95 ஆகும், உயரம் 30-லிருந்து 40 ஆகும். மேலேயும் கீழேயும் ஆறரை செ.மீ. கறுப்பு மிஞ்சும். வெட்டுப்படுவது வெறும் கறுப்புதான், படத்தில் ஒன்றும் போகாது. அதே படம் எச்டி சேனலில் வந்தால் Zoom வேண்டாம். அங்கே ஏற்கெனவே முழு அகலத்தில் இருக்கும், பெரிதாக்கினால் ஓரத்தில் நிற்பவர்கள் காணாமல் போவார்கள்.

கொடைக்கானல் மூஞ்சிக்கல்
என் சிக்கலும் இதுதான் என்று நினைக்கிறேன். கொடைக்கானல் டவரிலிருந்து ஆண்டெனாவில் வந்த நிகழ்ச்சிகளை அந்தக் காலத்தில் விஎச்எஸ்ஸில் பதிந்து வைத்திருந்தோம். இப்போது பென்டிரைவில் போட்டால் அகலமாக வருகிறது. பாக்ஸில் Pillarbox வைத்தும் மாறவில்லை.

லவ்டேல் டிஷ்காரர்
பென்டிரைவுக்கும் பாக்ஸுக்கும் சம்பந்தமில்லை அண்ணா. படம் ஓடும்போது டிவி ரிமோட்டில் 4:3 வையுங்கள். 720x576 ஃபைலில் 4:3 என்ற குறிப்பு விட்டுப்போயிருந்தால் டிவி தன் இஷ்டத்துக்குக் காட்டும்.

கோத்தகிரி வீடு
பாக்ஸை மாற்றி அளந்தேன், நாடகம் 71 செ.மீ. வருகிறது. ஸ்கோப் படம் Zoom-இல் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு சேனலில் மட்டும் 1973-க்கு முந்திய கறுப்பு வெள்ளைப் படம் இன்னும் அகலமாகத்தான் இருக்கிறது. தமிழில் ஸ்கோப் வந்ததே அந்த ஆண்டுதானே?

லவ்டேல் டிஷ்காரர்
ஆமாம், அதற்கு முந்தியவை பெரும்பாலும் 4:3-ஐ ஒட்டிய வடிவம். சேனல் லோகோவைப் பாருங்கள். லோகோ சரியான வடிவில் இருந்து முகம் மட்டும் அகலமாக இருந்தால், சேனலே இழுத்து அனுப்புகிறது. அந்தப் படத்துக்கு மட்டும் டிவியில் 4:3. லோகோ ஒல்லியாகும், முகம் நேராகும்.

கோத்தகிரி வீடு
லோகோ சரியாகத்தான் இருக்கிறது, அப்படியே செய்கிறேன். இன்னொன்று: Zoom வைத்ததும் ஸ்கோப் படத்தின் சப்டைட்டிலில் கீழ் வரி பாதி மறைகிறது.

லவ்டேல் டிஷ்காரர்
எழுத்தைக் கீழ்க் கறுப்புப் பட்டையில் போட்டிருக்கிறார்கள். சில டிவியில் Zoom இருக்கும்போது மேல், கீழ் அம்புக்குறியால் படத்தை நகர்த்தலாம். உங்கள் மாடலில் இருக்கிறதா?

கோத்தகிரி வீடு
அம்புக்குறியை அழுத்தினால் சேனல்தான் மாறுகிறது.

குன்னூர் சிம்ஸ் பார்க் பக்கம்
அது பாக்ஸ் ரிமோட்டாக இருக்கும். டிவி ரிமோட்டில் அழுத்திப் பார்த்துச் சொல்லுங்கள்.