உதவி: அம்மா இல்லாத குரூப்ல பேசினது அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

ஹட்டன்_மழை: அவசரம். வாற ஞாயிறு அம்மாவோட 60ஆவது பிறந்தநாள். அம்மாவுக்குத் தெரியாம செய்யத் தனியா ஒரு வட்ஸ்அப் குரூப் திறந்தோம். அம்மா அதுல இல்ல, நூறு வீதம் உறுதி. ஆனா நேத்து ராத்திரி, "மூணு கிலோ கேக் யாருக்கு?"ன்னு கேட்டாங்க. எப்படித் தெரிஞ்சது? குரூப்ப அழிச்சிட்டுப் புதுசா திறக்கவா?

பதுளை_அக்கா: அழிக்காதீங்க தம்பி, முதல்ல வழியைக் கண்டுபிடிங்க. குரூப்ல எத்தனை பேர்? அம்மாவுக்கு என்ன போன்? வீட்டில யார் யார் இருக்கீங்க?

டிக்கோயா_ராசு: உங்க பேரைத் தட்டினா நீங்க இருக்கிற குரூப் எல்லாம் அம்மாவுக்குக் காட்டும். அதுதான் விஷயம்.

பதுளை_அக்கா: பாதி சரி ராசு. இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிற குரூப் மட்டும்தான் அங்க வரும். அம்மா இல்லாத குரூப் வராது. ஆனா குடும்பக் கம்யூனிட்டிக்குள்ளே திறந்திருந்தா, அதுல இருக்கிறவங்களுக்குப் பேர் தெரியலாம். அப்பவும் உள்ளே பேசினதைப் படிக்க முடியாது.

நுவரெலியா_சண்: அறுபதாம் கல்யாணமா? அதுக்கு ஐயரை முன்கூட்டியே சொல்லி வைக்கணும்.

கண்டி_மூத்தவர்: அது கணவருக்கு அறுபது முடியும்போது செய்றது. கேள்வியை வாசிச்சிட்டு எழுதுங்க. ஹட்டன், நீங்களும் விவரம் ஒண்ணும் தராம பதில் கேக்கிறீங்க. இந்த மாதிரிக் குரூப் திறக்கும்போது ஒவ்வொரு நம்பரும் யார் கையில இருக்குன்னு பாக்கிறதுதான் முதல் வேலை.

ஹட்டன்_மழை: கம்யூனிட்டி இல்ல, தனிக் குரூப். 14 பேர். வீட்டில அப்பா, அம்மா, தங்கச்சி, நான். அம்மாவுக்கு அன்ட்ரொய்ட். கேக் கடைக்காரர் கோல் எடுத்துச் சொல்லிட்டாரோ?

பதுளை_அக்கா: ஓடர் கொடுத்தது எத்தனை கிலோ?

ஹட்டன்_மழை: முதல்ல குரூப்ல மூணுன்னு எழுதினேன். முப்பது பேர் வாறாங்கன்னு நேத்து காலையில கடைக்குப் போய் நாலுன்னே ஓடர் கொடுத்திட்டேன். அதைக் குரூப்ல இன்னும் சொல்லல்ல.

பதுளை_அக்கா: அப்போ கடை இல்ல. கடையில இருந்து வந்திருந்தா "நாலு"ன்னு கேட்டிருப்பாங்க. மூணுங்கிறது குரூப் எழுத்துல மட்டும்தான் இருக்கு. யாரோ ஒருத்தரோட திரையில அம்மா அதைப் பாத்திருக்காங்க. மூணு இடம் பாருங்க. தங்கச்சி போன் பூட்டியிருக்கும்போது செய்தி வரியாத் தெரியுதா? வீட்டு லெப்டொப்ல யாரோட வட்ஸ்அப்பாவது திறந்து கிடக்கா? அதை அந்தந்தப் போன்ல Linked devices திறந்து பாக்கலாம். கடைசியா, குரூப்ல இருக்கிற 14 நம்பரும் எந்தப் போன்ல ஓடுது?

டிக்கோயா_ராசு: கேக் படம் போட்டிருந்தா, Media visibility திறந்திருக்கிற போன்ல அது கேலரிக்குப் போயிடும்.

பதுளை_அக்கா: அது நல்ல எண்ணம்தான், ஆனா படத்துல கிலோ எழுதியிருக்காதே.

ஹட்டன்_மழை: அக்கா… அப்பாவுக்கு பட்டன் போன். அவர் நம்பரோட வட்ஸ்அப்ப அம்மா போன்லதான் இரண்டாவது கணக்கா போட்டிருக்கோம். அப்பாவையும் சேத்தேன்.

பதுளை_அக்கா: அதுதான். உங்க பட்டியல்ல "அப்பா"ன்னு தெரியுது, செய்தி போறது அம்மா கைக்கு. இப்ப அவசரப்பட்டு அப்பாவை நீக்காதீங்க. நீக்கினாலும் பழைய பேச்சு எல்லாம் அந்தப் போன்லயே இருக்கும், கூடவே நீக்கின வரியும் விழும். எல்லாருக்கும் அழிக்கிறதும் ஏறத்தாழ இரண்டு நாள் வரைதான் வேலை செய்யும். அழிச்ச இடத்துல அழிச்சதுக்கான அடையாளம் நிக்கும், அதைப் பாத்தா சந்தேகம் கூடும். அம்மா குளிக்கப் போகும்போது போனை எடுத்து, அப்பாவோட கணக்குக்குள்ளே போய் Exit group, பிறகு அந்தக் குரூப் பேச்சையே அழிங்க. கேலரியும் பாருங்க. அதுவரைக்கும் குரூப்ல ஒருத்தரும் எழுதக்கூடாது, அதையும் கோல் எடுத்துத்தான் சொல்லணும்.

கண்டி_மூத்தவர்: அறுபது வயசுக்காரங்களை இருட்டு அறையில நிறுத்தித் திடீர்னு கத்துறதே தப்பு. பிரஷர் இருந்தா என்ன செய்வீங்க? சொல்லிட்டே செய்யுங்க.

டிக்கோயா_ராசு: கத்தாம விளக்கோட வரவேற்கலாமே. எல்லாருக்கும் பிரஷர் இல்ல.

கண்டி_மூத்தவர்: இருக்கா இல்லையான்னு அந்தப் பிள்ளை இன்னும் சொல்லல்ல.

பதுளை_அக்கா: ஹட்டன், இன்னொண்ணு. மண்டபம் பேரும் நேரமும் குரூப்ல எழுதியாச்சா? அம்மா மேலே தள்ளி வாசிச்சிருந்தா கேக்கோட நிக்காது. எழுதியிருந்தா நேரத்தையாவது மாத்தி, கோல்லயே எல்லாருக்கும் சொல்லுங்க.

ஹட்டன்_மழை: வெளியேறி அழிச்சாச்சு. மண்டபம் எழுதல்ல, ஞாயிறுன்னு மட்டும் எழுதியிருக்கேன். அம்மாவுக்கு பிரஷர் குளிசை இருக்கு. அப்பாகிட்ட கேட்டுட்டு வாறேன்.