திரும்பி வந்த நூற்றுக்கணக்கான அஞ்சல்களுக்கு நடுவே ஒரு நன்கொடையாளர்

மாட்டுங்கா மாலதி

தாராவி, ஆண்டாப் ஹில் பகுதிகளில் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் செலுத்தும் சிறிய அறக்கட்டளை ஒன்றின் மின்னஞ்சல் பெட்டியை நான் கவனித்து வருகிறேன். 2024 மே மாதத்தில், நாங்கள் அனுப்பவே இல்லாத அஞ்சல்கள் ‘போய்ச் சேரவில்லை’ என்று எங்களுக்குத் திரும்பி வரத் தொடங்கின. யாரோ எங்கள் முகவரியை அனுப்புநர் இடத்தில் போட்டு உலகெங்கும் விளம்பரக் குப்பையை அனுப்பியிருந்தார்கள். அவற்றில் செல்லாத முகவரிகளுக்குப் போனவையெல்லாம் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டன. தொல்லை தாங்காமல், தலைப்பில் ‘Delivery Status Notification’ என்று இருப்பவை அனைத்தும் உள்பெட்டிக்கு வராமல் தனி லேபிளுக்குப் போகுமாறு எங்கள் செயலாளர் ஒரு ஃபில்டர் போட்டிருந்தார். சில நாட்களில் அந்த லேபிளில் நூற்றுக்கணக்கானவை சேர்ந்துவிட்டன. மொத்தமாக அழித்துவிடலாம் என்பதுதான் அனைவரின் கருத்தும்.

அழிப்பதற்கு முன் ஒரு தேடல் மட்டும் செய்தேன்:

```
label:bounce -from:mailer-daemon -from:postmaster
```

தோல்வி அறிவிப்பை எந்த மனிதரும் எழுதுவதில்லை. அதை அஞ்சல் சேவையகமே அனுப்புகிறது. பெரும்பாலும் அனுப்புநர் பெயர் மேற்கண்ட இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். அந்த இரண்டையும் விலக்கிய பிறகு மிஞ்சியவை சிலவே. சற்றே வேறு பெயரில் இயங்கும் சேவையகங்களின் அறிவிப்புகள்தான் அவற்றில் அதிகம். அவற்றுக்கிடையே ஒன்று மட்டும் ஒரு மனிதரின் பெயரோடு இருந்தது. திறந்தால், மேலே தமிழில் நான்கு வரிகள், கீழே வழக்கமான ஆங்கில அறிவிப்பு:

```
Subject: Fwd: Delivery Status Notification (Failure)

550 5.1.1 The email account that you tried
to reach does not exist.
```

எழுதியவர் டோம்பிவிலியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். மார்ச் மாதம் நெஃப்ட் வழியாக 30,000 ரூபாய் அனுப்பியதாகவும், பான் எண்ணையும், அந்தப் பணப் பரிமாற்றத்துக்கான யு.டி.ஆர். எண்ணையும் பொருளாளர் முகவரிக்கு அனுப்பியபோது அஞ்சல் திரும்பி வந்துவிட்டதாகவும், அதனால் திரும்பி வந்ததையே பழைய ரசீதில் கண்ட இன்னொரு முகவரிக்கு அனுப்பி வைப்பதாகவும் எழுதியிருந்தார். நாங்கள் நீக்கிவிட்ட பொருளாளர் முகவரி, முந்தைய ஆண்டு அச்சிட்ட வேண்டுகோள் மடலில் அப்படியே இருந்தது. தலைப்பை மட்டும் பார்க்கும் ஃபில்டருக்கு இந்தக் கடிதமும் மற்றவற்றைப் போன்றதே.

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மற்ற அறிவிப்புகளிலெல்லாம் ‘இல்லை’ என்று சொல்லப்பட்ட முகவரி யாரோ முன்பின் தெரியாதவருடையது. இதில் மட்டும் அது எங்கள் டொமைனிலேயே இருந்த முகவரி.

செம்பூர்வாசி

மாலதி அம்மா, உடனே கடவுச்சொல்லை மாற்றினீர்களா? உங்கள் கணக்கை யாரோ பிடித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. மாற்றினால் எல்லாம் நின்றுவிடும். எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் அப்படித்தான் நின்றது.

ஐரோலி கண்ணன்

சங்கத்தில் நடந்தது உண்மையிலேயே கணக்குத் திருட்டாக இருக்கலாம். ஆகவே முதலில் ‘அனுப்பியவை’ பெட்டியையும் உள்நுழைவுப் பட்டியலையும் பார்ப்பது சரியே. ஆனால் மாலதி அவர்கள் சொல்வது வேறு வகை. கடித உறையின் பின்புறம் அனுப்புநர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அதற்கு அந்த வீட்டுச் சாவி தேவையில்லை. திரும்பி வரும் அறிவிப்போடு மூல அஞ்சலின் தலைப்புப் பகுதியும் இணைந்திருந்தால், அதில் ‘Received’ என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். அதில் நீங்கள் பயன்படுத்தும் சேவையகம் எங்குமே இல்லையென்றால், கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை.

பயன் தருவது டொமைன் பதிவுகளில், உங்கள் பெயரில் எந்தச் சேவையகங்கள் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்.பி.எஃப்., அஞ்சலின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டிகிம் இரண்டையும் சரியாக வைத்து, அதன் மேல், இவற்றில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் கொள்கையை அமைப்பதுதான். முதலில் `p=none` என்று வைத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரங்கள் படித்து, உங்கள் சொந்த அஞ்சல்கள் தடைபடவில்லை என்று உறுதியான பிறகே `p=quarantine`, `p=reject` என்று இறுக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே இறுக்கினால், ரசீது அனுப்பும் வெளிச்சேவையின் அஞ்சல்கள்கூட நிராகரிக்கப்படலாம். இவ்வளவும் செய்த பிறகும், டிமார்க்கைச் சரிபார்க்காமல் அஞ்சலை வாங்கிக்கொண்டு பிறகு திருப்பியனுப்பும் சேவையகங்கள் இருக்கத்தான் செய்யும். குறையும்; அடியோடு நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

தானே தாமோதரன்

எனக்கு அந்தக் கடிதத்தின் மேலேயே சந்தேகம். ‘பணம் அனுப்பியிருக்கிறேன்’ என்று தொடங்கி, ‘தவறுதலாகக் கூடுதலாகப் போய்விட்டது, மீதியைத் திருப்பி அனுப்புங்கள்’ என்று முடியும் மோசடியை எங்கள் கோயில் குழு பார்த்திருக்கிறது. அவர்கள் காட்டிய வங்கிச் சீட்டே போலி. இப்படி வரும் கடிதங்களுக்குப் பதிலே போடாமல் இருப்பதுதான் நல்லது.

மாட்டுங்கா மாலதி

தாமோதரன் ஐயா, கடிதத்தை நம்பி நாங்கள் எதுவும் செய்யவில்லை. அவர் கொடுத்த யு.டி.ஆர். எண்ணை எங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையில் தேடினோம். மார்ச் கடைசி வாரத்தில் அதே எண், அதே தொகை இருந்தது. அந்த வரவுக்கு எதிரே எங்கள் பொருளாளர் பென்சிலால் ‘யார்?’ என்று எழுதி வட்டமிட்டிருந்தார். கடிதத்தில் திருப்பித் தரும் பேச்சே இல்லை. அவர் கேட்டது வரிவிலக்குக்கான 80ஜி சான்றிதழ் மட்டுமே.

முலுண்ட் ஆடிட்டர்

அந்த மே மாதக் கெடுதான் முக்கியம். 2023-24 நிதியாண்டின் நன்கொடை விவரங்களை வருமான வரித் துறைக்கான 10பி.டி. படிவத்தில் 2024 மே 31க்குள் அறக்கட்டளை தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. அதில் கொடுத்தவரின் பெயர், முகவரி, பான் போன்ற அடையாள எண், தொகை எல்லாம் வேண்டும். அந்தத் தாக்கலிலிருந்துதான் அவர் கேட்ட சான்றிதழ், அதாவது 10பி.இ., உருவாகும், வெறும் ரசீதை வைத்துக்கொண்டு அவர் வரிவிலக்குக் கோரினால் பொருந்தாமல் போகும். வங்கி அறிக்கையில் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு வரும், பான் வரவே வராது. தேதி தாண்டிவிட்டாலும் திருத்த அறிக்கை தாக்கல் செய்ய வழி உண்டு, ஆகவே ஒரேயடியாகப் போய்விடாது. ஆனால் யார் கொடுத்தார் என்றே தெரியாதபோது எதைத் திருத்துவது?

சயான் சுந்தரி

எங்கள் மகளிர் குழுவிலும் அஞ்சல்கள் காணாமல் போகின்றன. ஆனால் எங்களுக்குப் பெட்டி நிரம்பிவிட்டது என்று வருகிறது. இதற்கும் அந்த டிமார்க் போட வேண்டுமா?

ஐரோலி கண்ணன்

வேண்டாம் அம்மா, அது இடப் பிரச்சினை. பெரிய இணைப்புகள் உள்ள பழைய அஞ்சல்களை நீக்கினாலே போதும். மாலதி அவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி: அந்தத் தலைப்பு ஃபில்டரை இப்போது என்ன செய்தீர்கள்?

மாட்டுங்கா மாலதி

தலைப்பை விட்டுவிட்டு, அனுப்புநர் பெயரை வைத்து வடிகட்டும்படி மாற்றிவிட்டோம். நீக்கிய பொருளாளர் முகவரியையும் மாற்றுப்பெயராக மீண்டும் உயிர்ப்பித்து, பொதுப் பெட்டிக்கு வரும்படி செய்துவிட்டோம், ஏனெனில் அச்சிட்ட மடல்கள் இன்னும் எத்தனை வீடுகளில் இருக்கின்றனவோ தெரியாது. ஆசிரியருடைய பெயர் மே 31க்கு முன்பே பட்டியலில் ஏறியது. பிப்ரவரியிலும் இதேபோல ஓர் அலை வந்தபோது செயலாளர் மொத்தமாக அழித்திருந்தார். குப்பையில் போட்டவை 30 நாட்களில் தானாகவே நீங்கிவிடுவதால் அவற்றைப் பார்க்க முடியவில்லை. பொருளாளரின் நோட்டில் இன்னும் இரண்டு வரவுகளுக்கு எதிரே பென்சில் வட்டம் அப்படியே இருக்கிறது. வங்கி வழியாக அனுப்பியவர்களைத் தொடர்புகொள்ள முடியுமா என்று ஆடிட்டர் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

முலுண்ட் ஆடிட்டர்

உங்கள் வங்கிக் கிளைக்கு யு.டி.ஆர். எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுங்கள். அனுப்பியவரின் விவரத்தை அவர்கள் உங்களுக்குத் தருவார்களா என்பது கிளையைப் பொறுத்தது. அனுப்பிய வங்கி வழியாக அவருக்குச் செய்தி சொல்லுமாறு கேட்டால் சில இடங்களில் சம்மதிக்கிறார்கள்.